யாருடையது இந்த 1,386 வெள்ளி 40 சென்?

வானொலியில் காலை நிகழ்ச்சி முடித்துவிட்டு வெளியே வந்தால், எனக்குப் பசி முதலில் வரும், தூக்கம் பிறகு வரும். 2023ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரம், அப்படி ஒரு பசி நேரத்தில்தான் அக்கா அழைத்தார். பெரியப்பா மகள். சுங்கை பூலோவில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் கணக்காளர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"தம்பி, இந்தப் பக்கம் வந்தா ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போ. ஒரு கதை இருக்கு."

எம்.ஆர்.டி. ஏறிப் போனேன். சுங்கை பூலோ என்றாலே பலருக்கு மருத்துவமனையும் பூச்செடி நர்சரிகளும்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலைகளும் அதே ஊர்தான். மேசை, நாற்காலி, அலமாரி என்று மரத்தூள் வாசனையோடு ஒரு தனி உலகம். அங்கே அக்கா சொன்ன கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவருடைய பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரக்கூடாது என்பது நிபந்தனை.

சீனப் பெருநாள் விடுமுறைக்குள் 2022ஆம் ஆண்டுக் கணக்கை முடித்துவிட வேண்டும். பிப்ரவரியில் தணிக்கையாளர்கள் வருவார்கள். அக்கா இருப்பாய்வுப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பென்சில் நின்றது.

அனாமத்துக் கணக்கு: வரவு 1,386.40.

அது என்ன கணக்கு என்று கேட்டேன். "உங்க வீட்டுல சாமி மேடைக்குக் கீழ ஒரு இழுப்பறை இருக்குமே, எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவியெல்லாம் கிடக்குமே, அதுதான்" என்றார். வங்கியில் பணம் வந்திருக்கும், யார் போட்டது என்று தெரியாது. காசோலை போயிருக்கும், பில் இன்னும் வந்திருக்காது. அதற்காகப் பதியாமல் விட முடியாது. தெரிகிற வரைக்கும் தற்காலிகமாக இந்தக் கணக்கில் போட்டு வைப்பார்கள். ஆங்கிலத்தில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்பார்கள். தெரிந்தவுடன் எடுத்து அதற்குரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆண்டு முடியும்போது அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அக்கா போன வருடத் தணிக்கைக் கோப்பை எடுத்துப் பார்த்தார். 2021 டிசம்பர் 31: வரவு 1,386.40. ஒரு சென்கூட மாறவில்லை. ஒரு வருடமாக யாரும் அந்த இழுப்பறையைத் திறக்கவே இல்லை. கணினியில் அந்தக் கணக்கைத் திறந்தால் ஒரே ஒரு வரி: 'ஆரம்ப இருப்பு'. 2022 ஜனவரியில் நிறுவனம் புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறியிருக்கிறது. பழையதிலிருந்து மொத்தத் தொகைகளை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தொகை எதனால் ஆனது என்கிற விவரம் ஏறவில்லை.

அலுவலக மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் நல்ல மனிதர், அவசரக்காரர். "ஆயிரத்துச் சொச்சம்தானே? பழசு வேற. 'இதர வருமானம்'னு போட்டு மூடிடுங்க."

அக்கா அசையவில்லை. "இது பற்றா இருந்தா நம்ம நஷ்டம்னு எழுதித் தள்ளலாம், சார். இது வரவுல நிக்குது. வரவுல நின்னா, யாரோ ஒருத்தர் காசு நம்ம கையில இருக்குன்னு அர்த்தம். அடுத்தவங்க காசை எப்படி நம்ம வருமானம்னு எழுதுறது?"

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். நாம் பேச்சில் வரவு என்றால் வருமானம். கணக்குப் புத்தகத்தில் அப்படி இல்லை. ஒரு தொகை வரவுப் பக்கம் நின்றால் அது வருமானமாகவும் இருக்கலாம், நாம் யாருக்கோ கொடுக்க வேண்டிய கடனாகவும் இருக்கலாம். எது என்று தெரியாததால்தான் அது அனாமத்தில் இருக்கிறது. தெரியாமலே வருமானம் என்று முடிவு கட்டினால், கடனை லாபமாக்கி, அதற்கு வரியும் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

மேலாளர் இரண்டு நாள் கொடுத்தார்.

அக்கா முதலில் பழைய வாத்தியார் சொல்லிக் கொடுத்த இரண்டு சோதனைகளைச் செய்தார். ஒன்று, தொகையை இரண்டால் வகுப்பது. ஒரு தொகையைப் பற்றில் எழுதுவதற்குப் பதில் வரவில் எழுதிவிட்டால், வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்காக இருக்கும். 1,386.40இல் பாதி 693.20. புத்தகத்தில் எங்கேயும் 693.20 இல்லை.

இரண்டாவது, ஒன்பதால் வகுப்பது. 540 என்று எழுத வேண்டியதை 450 என்று இலக்கம் மாற்றி எழுதினால் வித்தியாசம் 90. அது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அப்படித்தான். 1,386.40ஐ வகுத்தால் மீதி நிற்கிறது. ஆகவே, ஒரு தொகையில் இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறியதால் வந்தது அல்ல.

"அப்பதான் எனக்கே சிரிப்பு வந்துச்சு" என்றார் அக்கா. "இந்தச் சோதனையெல்லாம் கையால எழுதுற புத்தகத்துக்கு. பழைய மென்பொருளும் மென்பொருள்தானே? பற்றும் வரவும் சமமா இல்லாட்டி பதியவே விடாது. அப்படின்னா இது கூட்டல் பிழை இல்ல. ஒரு ஆள் உட்கார்ந்து, தெரிஞ்சே, இந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்காங்க. அப்ப நான் தேட வேண்டியது பிழையை இல்ல, பதிவை."

பழைய கணினி எப்போதோ கழித்துக் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் முன்பு இருந்த கிராணி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். மாதா மாதம் பேரேட்டை அச்செடுத்துக் கட்டி வைத்திருந்தார். பொருள் கிடங்கில், வார்னிஷ் டின்களுக்குப் பின்னால், 2021 டிசம்பர் கட்டு கிடைத்தது. அனாமத்துக் கணக்குப் பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன.

நவம்பர் 29: பற்று 1,650.00, காசோலை, 'லோரி, பில் வரும்'.
டிசம்பர் 8: வரவு 1,536.40, 'வங்கி, திரும்பியது'.
டிசம்பர் 14: வரவு 1,500.00, 'ரொக்க இயந்திரம், பெயர் இல்லை'.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1,536.40உம் 1,500உம் சேர்ந்தால் 3,036.40. அதில் 1,650 போனால் 1,386.40. அதாவது, 1,386.40 என்கிற தொகையை யாரும் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அது மூன்று தொகைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்ற நிழல். அந்த எண்ணைத் தேடிக்கொண்டே இருந்திருந்தால் அக்கா இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார். போன வருடத் தணிக்கையில் இது சின்னத் தொகையாகப் பட்டதற்கும் அதுவே காரணம். மிச்சம்தான் சின்னது. உள்ளே விளக்கமில்லாமல் கிடந்தது மொத்தம் 4,686 வெள்ளி 40 சென்.

முதலில் லோரி. வாகனக் கோப்பில் பட்டறை பில் அழகாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. கியர் பெட்டி பழுது பார்த்தது, 1,650 வெள்ளி. பில் வந்ததும் கோப்பில் போட்டவர், கணக்கில் மாற்ற மறந்துவிட்டார். அக்கா அதை வாகனப் பழுதுச் செலவுக்கு மாற்றினார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, 3,036 ஆயிடுச்சு! குறையும்னு பார்த்தா கூடிக்கிட்டே போகுதே!"

"இப்பதான் சார் உண்மையான தொகை தெரியுது" என்றார் அக்கா.

அடுத்தது, பெயர் இல்லாத 1,500. வங்கியின் ரொக்க இயந்திரத்தில் யாரோ நோட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குறிப்பு எதுவும் இல்லை. பணம் கொடுத்தவரைத் தேடுவதற்குப் பதிலாக, பணம் கொடுக்கவில்லை என்று நாம் யாரைக் குறை சொல்கிறோம் என்று பார்த்தார் அக்கா. பாக்கிப் பட்டியலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். பன்னிரண்டு நாற்காலி, மூன்று மேசை. மீதம் 1,500, ஒரு வருடத்திற்கு மேலாக. மூன்று நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது. "கட்டிட்டேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அவர் சண்டை போட்டதாகக் கோப்பில் ஒரு குறிப்பும் இருந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அழைத்து, இயந்திரம் கொடுத்த ரசீது இருக்கிறதா என்று கேட்டார். அந்த வகை ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கடைக்காரர் விவரமானவர். அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். 2021 டிசம்பர் 14, 1,500 வெள்ளி. நேரமும் வங்கிப் பட்டியலும் பொருந்தின. அனாமத்திலிருந்து 1,500ஐ எடுத்து அவர் கணக்கில் வரவு வைத்தார்கள். பாக்கி தீர்ந்தது. மேலாளரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

மிச்சம் 1,536.40. இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

'வங்கி, திரும்பியது' என்றால் என்ன திரும்பியது? 2021 டிசம்பர் வங்கிப் பட்டியலை எடுத்தார். டிசம்பர் 6ஆம் தேதி நவம்பர் மாதச் சம்பளம் மொத்தமாகப் போயிருக்கிறது. எட்டாம் தேதி ஒரே ஒரு தொகை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. நவம்பர் சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார். பிடித்தமெல்லாம் போக, சென்வரை பொருந்திய ஒரே சீட்டு, மெருகு போடும் பிரிவில் வேலை பார்த்த ஒருவருடையது. அந்த மாத முடிவில் வேலையை விட்டு நின்றவர். அவருடைய கடைசிச் சம்பளம் அது.

ஆள் கோப்பில், அவர் வங்கி மாற்றியதற்கான படிவம் இருந்தது. அவரே கைப்பட எழுதிய கணக்கு எண்ணில் '47' என்று இருந்த இடத்தில், சம்பளப் பட்டியலில் '74' என்று இருந்தது. தொகையில் இலக்கம் மாறியிருக்கிறதா என்றுதானே அக்கா முதலில் தேடினார்? மாறியது தொகையில் இல்லை, கணக்கு எண்ணில். அப்படி ஒரு எண்ணே இல்லாததால் வங்கி பணத்தைத் திருப்பிவிட்டது.

இனி, இது எப்படி ஒரு வருடம் மறைந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். சம்பளம் அனுப்பிய அன்றே, 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்கிற கணக்கு தீர்ந்துவிட்டது. பணம் திரும்பி வந்தபோது வங்கிக் கணக்கில் சரியாகக் கூட்டினார்கள். மறுபக்கம், 'இந்தச் சம்பளம் மீண்டும் கொடுக்க வேண்டியது' என்று அந்தக் கணக்கில் வரவு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அனாமத்தில் வைத்தார்கள். அதனால் வங்கி இருப்பு சரி. வங்கிச் சரிகட்டும் பட்டியல் சரி. சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'கொடுத்தாச்சு'. எல்லாம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மனிதரிடம் மட்டும் பணம் இல்லை.

அவர் கேட்காமல் இல்லை. இரண்டு தடவை அழைத்திருக்கிறார். கிராணி சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆறாம் தேதியே போட்டாச்சே அண்ணே, பேங்க்ல கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். கிராணி பொய் சொல்லவில்லை. பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

மேலாளர் அதற்குப் பிறகு 'இதர வருமானம்' என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

கோப்பிலிருந்த கைப்பேசி எண் உயிரோடு இல்லை. அவசரத் தொடர்புக்கு என்று ரவாங்கில் இருக்கும் தங்கையின் எண் இருந்தது. அதன் வழியாக அன்று மாலையே அவர் கிடைத்தார். அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "அப்ப, நான் பொய் சொல்லலன்னு இப்ப உங்க புத்தகத்துலயும் இருக்கா?"

வேலையை விட்டதும் அவர் குடும்பத்தோடு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குக் குடிபோயிருக்கிறார். தேதியைக் கவனியுங்கள். 2021 டிசம்பர் 18. அந்த வெள்ளத்தை நம்மில் யார் மறப்போம்? நான் அன்று வானொலியில் இருந்தேன். கூரை மேல் நின்றுகொண்டு அழைத்தவர்களின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. புது வாடகை வீடு, முதல் மாடி உயரத்துக்குத் தண்ணீர், மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் போயின. கடைசிச் சம்பளம் வரவில்லை. மச்சானிடம் கடன் வாங்கியிருக்கிறார். "சம்பளம் போட்டாங்களாம், நீங்கதான் எங்கயோ செலவழிச்சிட்டீங்கன்னு என் சம்சாரமே நினைச்சிச்சு" என்றாராம்.

மறுநாள் காலை, எண்ணை இரண்டு முறை படித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகு, 1,536 வெள்ளி 40 சென் அவர் கணக்குக்குப் போனது. போய்ச் சேர்ந்ததா என்று அக்கா அழைத்தும் கேட்டார். அனாமத்துக் கணக்கு பூஜ்யமானது.

அவர் கிடைக்காமலே போயிருந்தால்? அப்போதும் அந்தப் பணம் நிறுவனத்துக்குச் சொந்தமாகாது. 1965ஆம் ஆண்டு கோரப்படாத பணச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. கொடுக்க வேண்டிய சம்பளம் ஓராண்டுக்கு மேல் கொடுபடாமல் கிடந்தால், அதைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த மார்ச் 31ஆம் தேதிக்குள் கோரப்படாத பணத்தின் பதிவதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உரியவர் பிறகு அங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அக்காவின் கணக்குப்படி அந்த மார்ச்சுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம் இருந்தது.

சின்ன இழுப்பறை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன், 1992இல் 88888 என்ற எண்ணில் ஒரு பிழைக் கணக்கு திறந்தார். வாங்க வேண்டியதை விற்றுவிட்ட ஓர் ஊழியரின் தவறு, ஏறக்குறைய 20,000 பவுண்டு நஷ்டம், அதில் போய் ஒளிந்தது. பிறகு அவருடைய சொந்த நஷ்டங்களும் அங்கேயே போயின. 1995 பிப்ரவரியில் திறந்து பார்த்தபோது 80 கோடி பவுண்டுக்கு மேல். 1762இல் தொடங்கிய வங்கியை ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். அது வேண்டுமென்றே மறைத்தது. சுங்கை பூலோவில் நடந்தது மறதி. ஆனால் இரண்டுக்கும் வசதி செய்து கொடுத்தது ஒரே பழக்கம்தான்: அந்தக் கணக்கின் உள்ளே இருப்பதை யாரும் வரி வரியாகப் பார்க்காதது.

அக்கா இப்போது இரண்டு விதி வைத்திருக்கிறார். அனாமத்தில் எது போனாலும் தேதியோடு, யார் விசாரிக்க வேண்டும் என்கிற பெயரும் அந்த வரியில் இருக்க வேண்டும். மாத முடிவில் மேலாளருக்குப் போவது மிச்சத் தொகை அல்ல, வரிகளின் பட்டியல். மிச்சம் பூஜ்யமாக இருந்தாலும் பட்டியல் போகும். நூறு பற்றும் நூறு வரவும் சேர்ந்தாலும் பூஜ்யம்தானே.

உங்களுக்கும் ஒன்று. சம்பளம் வரவில்லை என்றால், "போட்டீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். "திரும்பி வந்ததா என்று வங்கிப் பட்டியலைப் பாருங்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சம்பளப் பட்டியலில் இருக்கும். இரண்டாவதற்கு வங்கிப் பட்டியலைத் திறந்தே ஆக வேண்டும். அப்படியே egumis.anm.gov.my பக்கத்தில் உங்கள் அடையாளக் கார்டு எண்ணையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். எப்போதோ வேலை பார்த்த இடத்திலிருந்து ஏதாவது அங்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

நான் கிளம்பும்போது அக்காவின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. காட்டினார். வங்கி வரவுச் சீட்டின் படம். அதற்குக் கீழே ஒரே வரி: "சம்சாரத்துக்கிட்ட காட்டிட்டேன், தங்கச்சி."